படித்தல், படிப்பு, படிக்கையில்: எது திரிபு விகுதி, எது ஆக்க விகுதி?

தேன்மொழி

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சிறிய அகராதிக்குத் தலைச்சொல் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். கதைப் புத்தகங்கள், நாளிதழ்களிலிருந்து சொற்களை எடுத்துக் குவித்து, எது எந்தத் தலைச்சொல்லுக்குக் கீழே போகும் என்று பிரிப்பதுதான் வேலை. மரங்கள், மரத்தை, மரத்தில் எல்லாம் 'மரம்' என்பதில் போய்விடும். படித்தான், படிக்கிறார்கள் எல்லாம் 'படி'. இதுவரை சிரமமில்லை.

மாட்டிக்கொண்டது இங்கேதான். படித்தல், படிப்பு, படிப்பது, படித்தவர், படிக்கையில். இவற்றில் எதெல்லாம் 'படி'யின் வடிவங்கள், எதெல்லாம் தனிச்சொற்கள்? விகுதி அதே சொல்லின் இன்னொரு வடிவத்தைத் தரும் திரிபைச் சேர்ந்தது என்றால் தலைச்சொல்லுக்குள் அடக்கிவிடலாம், புதுச்சொல்லை உண்டாக்கும் ஆக்கத்தைச் சேர்ந்தது என்றால் தனிப்பதிவு வேண்டும். எங்கள் குழுவில் ஆளுக்கொரு கருத்து. இரண்டு நாளாக 'ப' வரிசையைத் தாண்டவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

ஆசிரியர் அரங்கன்

அம்மா, இதற்கு நம் இலக்கணத்திலேயே தெளிவான வழி இருக்கிறது. வினையாக இருந்த சொல் பெயராக மாறிவிட்டால் அது வேறு சொல். படித்தல், படிப்பு, படிக்கை மூன்றும் தொழிற்பெயர். வேற்றுமை உருபு ஏற்கும், காலம் காட்டாது. 'வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது, நினையுங் காலைக் காலமொடு தோன்றும்' என்பது தொல்காப்பியம். ஆகவே மூன்றுமே ஆக்கம், மூன்றுக்கும் தனிப்பதிவு கொடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பாருங்கள், 'படி-த்தல்' என்றுதானே தலைச்சொல் போட்டிருக்கிறார்கள்?

முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்த விஷயம் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

சொற்கிடங்கு

ஐயா சொன்னதில் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மூன்றும் பெயர்போல வேற்றுமை ஏற்கின்றன என்பது சரி. ஆனால் சொல்வகை மாறினாலே அது ஆக்கம் என்ற அளவுகோலை வைத்துத் தமிழில் ரொம்ப தூரம் போக முடியாது. 'படித்த பையன்' என்பதில் 'படித்த' ஒரு பெயரடை செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அதற்காக 'படித்த' என்பதற்குத் தனிப்பதிவு கொடுப்போமா? 'பாடத்தைப் படித்தவன்' என்பதில் 'படித்தவன்' பெயர், வேற்றுமையும் ஏற்கும். ஆனால் உள்ளே காலம் இருக்கிறது, செயப்படுபொருளும் -ஐ உருபோடு வருகிறது. 'பெயர்நிலைக் கிளவி காலம் தோன்றா, தொழில்நிலை ஒட்டும் ஒன்றலங் கடையே' என்று அதே தொல்காப்பியம் இதற்கு விலக்கும் வைத்திருக்கிறது.

மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் என்ற மொழியியலாளர் 1996இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். சொல்வகையை மாற்றும் விகுதியும் திரிபு விகுதியாக இருக்கலாம் என்பது அவர் வாதம். சொல் வெளியே எந்த வகையாகத் தெரிகிறது என்பதோடு, உள்ளே தனக்குக் கீழே வரும் சொற்களை எப்படி நடத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். வெளியே பெயராகவும் உள்ளே வினையாகவும் இருந்தால் அங்கே திரிபின் வாடை அடிக்கிறது.

தேன்மொழி, இந்த இரண்டு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

அந்தப் புத்தகத்தை மெதுவாகப் படித்தல் நல்லது.
அந்தப் புத்தகத்தை மெதுவாகப் படிப்பு நல்லது.

இரண்டாவது உடைந்துவிடுகிறது. 'படிப்பு' என்றால் 'மெதுவான படிப்பு', 'கல்லூரிப் படிப்பு' என்றுதான் வரும். -ஐ உருபும் வராது, 'மெதுவாக' போன்ற வினையடையும் ஒட்டாது. 'படித்தல்' இரண்டையும் ஏற்கிறது, அதாவது உள்ளுக்குள் இன்னும் வினையாகவே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சோதிக்கும்போது 'அந்தப் புத்தகத்தை' என்று உருபோடு வையுங்கள். 'தமிழ் படித்தல்', 'தமிழ்ப் படிப்பு' என்று உருபில்லாமல் வைத்தால் இரண்டும் சரியாகவே காதில் விழும், ஏமாந்துபோவோம். இரண்டாவதில் 'தமிழ்' செயப்படுபொருள் இல்லை, வெறும் தொகையின் முன்பாதி.

முகில்வண்ணன்

நான் சொற்களைத் தானாகப் பிரிக்கும் சின்ன நிரல் எழுதிக்கொண்டிருப்பவன். எனக்கு நடைமுறையில் உதவியது வேறு ஒரு கேள்வி: இந்த விகுதி எத்தனை வினைகளோடு சேரும்?

-தல் எதோடு வேண்டுமானாலும் சேர்கிறது. ஓடுதல், பாடுதல், எழுதுதல், தூங்குதல், சாப்பிடுதல். நேற்று வந்த புது வினையோடும் சேரும், 'டவுன்லோட் செய்தல்' என்று யாரும் யோசிக்காமல் எழுதுகிறார்கள். ஆனால் -ப்பு? ஓடு என்றால் ஓட்டம், பாடு என்றால் பாட்டு, எழுது என்றால் எழுத்து, தூங்கு என்றால் தூக்கம், சாப்பிடு என்றால் சாப்பாடு, வா என்றால் வரவு, வருகை. எந்த வினைக்கு எந்த விகுதி என்பதை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். விதியாக எழுதினால் நிரல் 'தூங்குப்பு' என்று துப்புகிறது.

அதனால் என் முடிவு: எல்லா வினையோடும் சேர்ந்தால் திரிபு, சிலவற்றோடு மட்டும் சேர்ந்தால் ஆக்கம். இது போதாதா?

சொற்கிடங்கு

நல்ல கேள்விதான், ஆனால் தனியாக நிற்காது. இல்லை, உண்டு, அல்ல, போதும் இவற்றோடு -தல் சேராது. திரிபிலும் ஓட்டை உண்டு. மறுபக்கம், '-காரர்' ஆக்க விகுதி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் பால்காரர், பூக்காரர், கேஸ்காரர், சைக்கிள்காரர் என்று ஏறக்குறைய எதோடும் சேரும். எவ்வளவு தாராளமாகச் சேர்கிறது என்பது ஒரு அறிகுறி, அவ்வளவே.

கணக்கர்

நான் இலக்கணக்காரன் இல்லை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தலைப்பைப் பார்த்ததும் எங்கள் மொழிபெயர்ப்புப் பிரச்சினை ஞாபகம் வந்தது. பாஸ்புக்கில் 'இருப்பு' என்று அச்சடித்திருப்போம். ஒரு கிராமத்துக் கிளையில் பெரியவர் ஒருவர் வந்து, "இருப்புன்னா என்ன தம்பி, நான் உசிரோட இருக்கேன்னு சர்டிபிகேட்டா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம், அவர் வேறு எங்கோ அப்படி ஒரு சான்று கொடுத்துவிட்டு வந்திருந்தார். 'வைப்பு' என்ற சொல்லுக்கும் இதே கதை. நிரந்தர வைப்பு என்றால் என்ன வைக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

எனவே எளிய தமிழில் 'கணக்கில் உள்ள பணம்' என்று போடலாம் என்பது என் கருத்து. அகராதியில் இதைக் கவனித்தால் நல்லது.

சொற்கிடங்கு

கணக்கர் ஐயா, நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்றாலும் இங்கே ரொம்பத் தேவையான ஒன்றைக் கொண்டுவந்துவிட்டீர்கள். 'இரு' என்ற வினையும் -ப்பு விகுதியும் தெரிந்த ஒருவரால் 'இருப்பு' என்றால் மீதிப்பணம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெரியவர் செய்தது சரியான இலக்கணக் கணக்கு. விடை வரவில்லை என்றால் அந்தப் பொருள் விகுதியில் இல்லை, சொல்லோடு தனியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 'செலவு' இன்னும் தெளிவு. செல் என்ற வினையிலிருந்து வந்தது, பழைய நூல்களில் போவது, பயணம் என்ற பொருளில் வரும். இன்று 'வீட்டுச் செலவு' என்றால் யாருக்கும் பயணம் நினைவுக்கு வராது. ஆனால் 'செல்லுதல்' எந்தக் காலத்திலும் செல்லுவதுதான்.

அகராதிக்காரருக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன். பகுதியும் விகுதியும் தெரிந்த பிள்ளைக்குப் பொருள் தானாக விளங்கினால் தனிப்பதிவு வேண்டாம். விளங்கவில்லை என்றால் வேண்டும்.

ஆசிரியர் அரங்கன்

நன்றாக இருக்கிறது தம்பி. 'மெதுவாகப் படிப்பு' சோதனையை நான் இதுவரை யோசித்ததில்லை. ஆனால் லெக்சிகன் விஷயத்துக்குப் பதில் வரவில்லையே? அவர்கள் -தல் வடிவத்தைத் தனிச்சொல்லாகக் கருதாவிட்டால் தலைச்சொல்லாக ஏன் போட வேண்டும்?

இன்னொன்று. -தல் ஒழுங்கான விகுதி, பொருள் மாறாது என்கிறீர்கள். தேர்தல்? ஆறுதல்? இவையும் -தல்தானே?

சொற்கிடங்கு

ஐயா, முதலில் லெக்சிகன். 'படி-த்தல்' என்று அங்கே போட்டிருப்பது 'படி' என்ற வினைக்கான அடையாள வடிவம். அதன் கீழே படித்தான், படிப்பான் எல்லாவற்றுக்குமான பொருள் வருகிறது. 'படிப்பு' அதற்கு வெளியே தனிப்பதிவாக இருக்கிறது. ஒரு வினையின் மொத்தக் குடும்பத்துக்கும் பெயர்ப்பலகையாக -தல் வடிவத்தை வைக்க முடிந்ததென்றால், அது எல்லா வினைக்கும் உண்டு, பொருள் மாறாது என்று நம்பித்தான் வைத்திருக்கிறார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது 'படி' என்ற பகுதியையே தலைச்சொல்லாக வைத்தது. பலகைதான் மாறியது, குடும்பம் மாறவில்லை. நீங்கள் காட்டிய சான்று என் பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தேர்தல், ஆறுதல் பற்றி நீங்கள் கேட்டது கனமான கேள்வி. இவற்றை அதே சோதனையில் நிறுத்திப் பார்ப்போம்.

'புண் சீக்கிரமாக ஆறுதல்' என்று மருத்துவக் குறிப்பில் எழுதலாம். இங்கே 'சீக்கிரமாக' ஒட்டுகிறது, பொருள் 'ஆறு' என்ற வினையின் பொருள், பன்மை வராது. 'அவர் நாலு ஆறுதல் வார்த்தை சொன்னார்' என்பதில் 'சீக்கிரமாக ஆறுதல்' என்று சொல்ல வழியில்லை, பொருளும் மனம் தேறுவது என்று குறுகிவிட்டது. ஆக ஒரே எழுத்துக்கோவை, இரண்டு சொல். முதலாவது 'ஆறு' வினையின் வடிவம், இரண்டாவது தனிப்பதிவு.

'தேர்தல்' அந்தப் பக்கம் முழுசாகவே போய்விட்டது. 'உறுப்பினரைத் தேர்தல்' என்று இன்று யாரும் எழுதுவதில்லை, அதற்குத் 'தேர்ந்தெடுத்தல்' என்று புதிதாகப் போக வேண்டியிருக்கிறது. 'தேர்தல்கள்' என்று பன்மை வருகிறது. 'படித்தல்கள்' என்று எங்கேயாவது பார்த்திருக்கிறோமா? 'படிப்புகள்' பார்த்திருக்கிறோம்.

எனவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். விகுதியை மட்டும் தனியே எடுத்து வைத்து இது திரிபா ஆக்கமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட சொல்லில் அந்த விகுதி என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். திரிபு விகுதி போட்ட சொல்லும் நாளடைவில் பொருள் உறைந்து தனிச்சொல்லாகிவிடும்.

ஆசிரியர் அரங்கன்

லெக்சிகனைப் பொறுத்தவரை ஏற்கிறேன். ஆனால் காலம் காட்டாத ஒன்றை வினையின் வடிவம் என்று சொல்வதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

சொற்கிடங்கு

'படிக்க' காலம் காட்டுகிறதா ஐயா? 'படிக்க வந்தான்', 'படிக்க வருவான்'. அதை வினையெச்சம் என்று வினையோடுதானே சேர்க்கிறோம். அரசு அறிவிப்புகளில் 'மாணவர்கள் சீருடை அணிதல் வேண்டும்' என்று வருகிறது. அங்கே 'மாணவர்கள்' எழுவாயாக அப்படியே நிற்கிறது, 'மாணவர்களின்' என்று ஆகவில்லை. எழுவாயும் செயப்படுபொருளும் வினையடையும் ஏற்கிற ஒன்றை வெறும் பெயர் என்று தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

பனைநிழல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். செய்திப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தேன். உங்கள் பட்டியலில் ஒரு வடிவம் விடுபட்டிருக்கிறது. எங்கள் செய்திகளில் '...அவர் முன்னர் கைது செய்யப்பட்டமை குறிப்பிடத்தக்கது' என்று முடிவது வழக்கம். வந்தமை, சொன்னமை, வெளியிட்டமை எல்லாம் நாங்கள் தினமும் எழுதுகிற சொற்கள்.

இந்த -மை எந்தப் பக்கம்? பெருமை, இளமை, வறுமையில் வருகிற -மை ஆக்க விகுதி என்று எல்லோரும் ஒத்துக்கொள்வீர்கள். அதே -மை 'வந்த' என்பதோடு, அதாவது இறந்தகாலம் காட்டுகிற சொல்லோடு ஒட்டியிருக்கிறது. காலம் காட்டும் உறுப்பு திரிபுதானே? திரிபுக்கு வெளியே ஆக்கம் வந்துவிட்டதா?

முகில்வண்ணன்

இது முக்கியமான இடம். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் வெளியிட்ட மொழிப் பொதுமைகளில், அதாவது மொழிகளுக்கெல்லாம் பொதுவானவை என்று அவர் சொன்ன விதிகளில், 28ஆவது இதைப் பற்றியதுதான். ஆக்க உறுப்பும் திரிபு உறுப்பும் இரண்டுமே பகுதிக்குப் பின்னால் வந்தால், ஆக்கம்தான் பகுதியை ஒட்டி உள்ளே இருக்கும், திரிபு வெளியே போகும். 'படிப்புகளை' என்பதில் படி, ப்பு, கள், ஐ. ஒழுங்காக இருக்கிறது. 'வந்தமை'யில் காலம் உள்ளே, -மை வெளியே. எனவே கிரீன்பெர்க் விதிப்படி இந்த -மை ஆக்கமாக இருக்க முடியாது, திரிபுதான். முடிந்தது.

பனைநிழல்

தம்பி, விதியை வைத்து -மையைத் திரிபு என்கிறீர்கள். பிறகு யாராவது விதி சரியா என்று கேட்டால், 'வந்தமை'யில் -மை திரிபு, ஆகவே விதி உடையவில்லை என்பீர்கள். இது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறதே?

சொற்கிடங்கு

பனைநிழல் சொல்வது சரி. வரிசையை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக்கூடாது, வேறு சோதனையும் அதே பக்கம் கைகாட்ட வேண்டும்.

'அமைச்சர் அந்த அறிக்கையை நேற்று அவசரமாக வெளியிட்டமை.' எழுவாய் இருக்கிறது, -ஐ இருக்கிறது, 'நேற்று', 'அவசரமாக' இரண்டும் ஒட்டுகின்றன. இறந்தகாலப் பெயரெச்சம் உள்ள எந்த வினையோடும் இந்த -மை சேரும். 'வெளியிட்டமைகள்' என்று பன்மை வராது. பொருளும் பகுதி பகுதியாகப் பிரித்தாலே கிடைத்துவிடுகிறது. ஆக வரிசையைப் பற்றிப் பேசாமலே இது திரிபு என்று சொல்லிவிடலாம். 'பெருமை' இதில் ஒன்றையும் தாண்டாது. ஒரே ஒலி, இரண்டு விகுதி என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே விகுதி இரண்டு வேலை பார்க்கிறது என்றும் வாதிடலாம், அதை மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை.

தேன்மொழி

பனைநிழல் அக்காவுக்கு நன்றி. (அண்ணாவாக இருந்தால் மன்னிக்கவும்.) இந்த -மை இங்கேயும் இருக்கிறது, கவனிக்காமல் இருந்திருக்கிறேன். 'விழாவுக்கு வந்தமைக்கு நன்றி' என்று மேடையில் சொல்வார்களே.

இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். படித்தல், படிப்பது, படித்தவர், படித்தமை எல்லாம் 'படி'க்குள். படிப்புக்குத் தனிப்பதிவு. தேர்தல் தனி. ஆறுதல் இரண்டு இடத்திலும். 'எதிர்ப்பு' என்ற சொல்லில் சோதனை அழகாக வேலை செய்தது. 'கட்டண உயர்வை எதிர்த்தல்' என்கிறோம், ஆனால் 'கட்டண உயர்வுக்கு எதிர்ப்பு'. ஐ போய் கு வந்துவிடுகிறது! இப்படி உருபு மாறுவதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டோடு காட்ட வேண்டும், அதற்காகவே தனிப்பதிவு தேவை.

நிற்பது -கை மட்டும். வருகை, செய்கை, அறிக்கை, நம்பிக்கை எல்லாம் தனிச்சொற்கள் என்று எழுதிவிட்டேன். ஆனால் 'கடிதத்தைப் படிக்கையில் கண் கலங்கியது' என்று வருகிறது. அங்கே -ஐ இருக்கிறது. 'கடிதத்தைப் படிக்கை' என்று தனியாக வருமா? எனக்கு வராது என்று தோன்றுகிறது.

சொற்கிடங்கு

வராது. -கை தனியாக நின்றால் ஆக்கம், -இல் உருபோடு உறைந்து '-கையில்' என்று நின்றால் வினையின் வடிவம், 'படிக்கும்போது' என்பதுபோல. உள்ளே இருக்கிற -இல் உருபை இனி வேற்றுமையாகப் பார்க்க வேண்டாம். 'படிக்கையை', 'படிக்கைக்கு' என்று மற்ற உருபுகளோடு வராததே அதற்குச் சான்று. '-கையில்' முழுசும் ஒரே திரிபு விகுதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முகில்வண்ணன்

அப்படியானால் என் நிரலுக்குச் சிக்கல். 'இருக்கையில்' என்று வந்தால்? 'அமைச்சர் இருக்கையில் அமர்ந்தார்' என்பதில் நாற்காலி, 'நான் ஊரில் இருக்கையில் மழை பெய்தது' என்பதில் வினை. 'படுக்கையில்' இன்னும் மோசம்.

தேன்மொழி

இந்த இரண்டுக்கும் பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். 'ஊரில்' என்று இடம் வந்தால் வினை, 'அமர்ந்தார்' வந்தால் நாற்காலி. ஆனால் கதைப் புத்தகம் ஒன்றில் இப்படி ஒரு வரி: 'தாத்தா படுக்கையில் கதை சொன்னார்.' கட்டிலில் இருந்தபடி சொன்னாரா, படுக்கும்போது சொன்னாரா? -ஐ இல்லை, வினையடை இல்லை, எதைப் பிடித்து இழுத்தாலும் இரண்டு பக்கமும் வருகிறது.

ஆசிரியர் அரங்கன்

அம்மா, அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரிகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.